முன் டயர் ஒரு அளவு, பின் டயர் ஒரு அளவு: மாற்றிப் போடும் முன் பாருங்கள்

சாதாரணக் காரில் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுவோம். அதே பழக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காரிலும் கை வைப்பதுதான் முதல் தவறு.

கொர்வெட் சி8 மாதிரியான காரில் இந்தத் தவறு நடப்பது கடினம். முன்னால் 19 அங்குல ரிம், பின்னால் 20. பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆளை ஏமாற்றுவது டொயோட்டா ஜிஆர் சுப்ரா 3.0 போன்ற கார்கள். நான்கு ரிம்மும் 19 அங்குலம்தான். ஆனால் முன் டயர் 255/35R19, பின் டயர் 275/35R19. ரிம்மின் அகலமும் முன்னால் 9 அங்குலம், பின்னால் 10.

இங்கே முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். 35 என்பது பக்கச்சுவரின் உயரம்; அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 35 சதவீதம். அதனால் அகலம் கூடினால் பக்கச்சுவரின் உயரமும் கூடும். கணக்குப் போட்டால் முன் டயரின் விட்டம் சுமார் 661 மி.மீ., பின் டயருடையது 675. அதாவது முன் சக்கரம் எப்போதும் 2 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. ஏபிஎஸ்ஸும், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோலும் இதைக் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. மாற்றிப் போட்டால் பின் சக்கரம் 2 சதவீதம் வேகமாகச் சுற்றும். எதிர்பார்த்ததிலிருந்து விலகல் 4 சதவீதத்தைத் தாண்டும். பின் சக்கரம் வழுக்குகிறது என்று கார் நினைத்துக்கொள்ள இது இடம் கொடுக்கும்.

அதைவிட மோசம் வளைவில்தான். பின் சக்கரங்கள்தான் இந்தக் காரைத் தள்ளுகின்றன. அங்கே குறுகிய டயரும் முன்னால் அகலமான டயரும் இருந்தால், முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் முதலில் நழுவும். மழை நாளில் இதைச் சோதித்துப் பார்க்க யாரும் ஆசைப்பட வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது அகல டயர் உள் மட்கார்டில் உரசும் வாய்ப்பும் இருக்கிறது.

சரி, முன்பின் வேண்டாம், இடது வலது மாற்றலாமா? அதைப் பக்கச்சுவர் சொல்லும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், சக்கரத்தோடு அப்படியே மாற்றக் கூடாது; டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். அம்பு இல்லாமல் OUTSIDE என்று மட்டும் இருந்தால் சக்கரத்தோடு பக்கம் மாற்றலாம், அந்த எழுத்து அப்போதும் வெளியே பார்த்துதான் இருக்கும்.

அப்புறம் இரண்டாவது தவறு, நான்கும் ஒன்றாகத் தேயும் என்று காத்திருப்பது. பின் டயர்கள்தான் பெரும்பாலும் முதலில் தீரும். அதுவும் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பதால் உள் விளிம்பு முன்னதாகவே வழுக்கையாகிவிடும்; நின்று பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும். டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் ஆழமானியை உள்ளே, நடுவே, வெளியே என மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்திலாவது 1.6 மி.மீ.யை நெருங்கினால் பின் ஜோடியை மட்டும் சேர்த்து மாற்றினால் போதும். முன் ஜோடி அதன் கணக்கில் ஓடட்டும்.