மார்ச் 31 அன்று லாரியில் இருந்த சரக்கு யாருடையது?

ஒரு கொள்முதலுக்குக் கணக்கில் இரண்டு பக்கங்கள் உண்டு: பில் கொள்முதல் கணக்கில் ஏற வேண்டும், விற்காமல் மீந்த சரக்கு இறுதி இருப்பில் ஏற வேண்டும். ஆண்டு முடிவில் இலாபம் தவறுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று இந்த ஆண்டிலும் மற்றொன்று அடுத்த ஆண்டிலும் விழுவதால்தான். இரண்டுமே விடுபட்டால் இலாபம் மாறாது. ஐந்தொகையில் இருப்பும் கடனீந்தோருக்குத் தர வேண்டிய தொகையும் மட்டும் குறைந்து நிற்கும்.

மதுரையில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் ஜாம்நகரிலிருந்து பித்தளைக் குழாய்ப் பொருத்திகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் தேதி மார்ச் 28; ஜிஎஸ்டி நீங்கலாக 6 லட்சம் ரூபாய். லாரி ஏப்ரல் 2 அன்றுதான் வந்து சேர்கிறது. பில்லை மார்ச் தேதியிலேயே கணக்கர் பதிந்துவிட்டார். மார்ச் 31 மாலை இருப்பு எடுத்தவர்களோ கோடவுனில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணி 25 லட்சம் என்று எழுதினார்கள். தொடக்க இருப்பு 20 லட்சம், இந்தப் பில்லையும் சேர்த்துக் கொள்முதல் 120 லட்சம், விற்பனை 135 லட்சம். இந்தக் கணக்கின்படி மொத்த இலாபம் 20 லட்சம். வழியில் இருந்த 6 லட்சத்தையும் இருப்பில் சேர்த்திருந்தால் அது 26 லட்சமாக இருந்திருக்கும்.

தவறு அந்த ஆண்டோடு நிற்பதில்லை. அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு 6 லட்சம் குறைவாகத் தொடங்குவதால், வியாபாரம் அதே அளவில் நடந்தாலும் மொத்த இலாபம் 32 லட்சமாகிவிடும். உண்மையில் இரண்டு ஆண்டுகளும் 26 லட்சம்தான். ஏட்டிலோ 20 லட்சத்திலிருந்து 32 லட்சத்துக்கு ஒரே தாவல். வங்கிக்காரர் இதை வளர்ச்சி என்று படிப்பார், வரி அலுவலர் வேறு விதமாகப் படிப்பார்.

அந்தச் சரக்கு மார்ச் 31 அன்று யாருடையது என்பதைப் பில் தேதி தீர்மானிக்காது; ஒப்பந்தமே தீர்மானிக்கும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பவர் தனக்கென எந்த உரிமையையும் நிறுத்திக்கொள்ளாமல், வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கை லாரி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை அப்போதே வாங்குபவருக்கு மாறிவிடும். மதுரையில் ஒப்படைத்த பிறகே உரிமை மாறும் என்று ஆர்டரில் இருந்தால், பில்லும் சரக்கும் இரண்டுமே அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும். லாரி வாடகையை யார் கொடுக்கிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வழியில் சரக்கு சேதமானால் நட்டம் யாருக்கு, காப்பீடு யார் பெயரில் என்பவை நல்ல அடையாளங்கள். மார்ச் மாத GSTR-2B என்ற ஜிஎஸ்டி அறிக்கையில் பில் தெரிகிறது என்பதும் ஆதாரமாகாது, ஏனெனில் அது விற்பவர் பதிந்த தேதியைத்தான் காட்டுகிறது. உள்ளீட்டு வரி வரவைச் சரக்கு கைக்கு வந்த பிறகே எடுக்க முடியும் என்பதால், கொள்முதல் மார்ச்சில் ஏறினாலும் வரித் தொகையைத் தனிக் கணக்கில் நிறுத்திவைத்து ஏப்ரலில் எடுப்பதே முறை.

விற்பனைப் பக்கத்தில் இதே தவறு இன்னும் பெரிதாகும். ஆண்டு இலக்கை எட்டுவதற்காக மார்ச் 31 அன்று 4 லட்சத்துக்குப் பில் போட்டு, 3.2 லட்சம் அடக்கமுள்ள அந்தச் சரக்கை அனுப்பாமல் கோடவுனிலேயே வைத்து இருப்பிலும் எண்ணிவிட்டால், கூடுதலாகத் தெரியும் இலாபம் 80 ஆயிரம் அல்ல, முழு 4 லட்சம். இதைக் கண்டுபிடிக்க ஆண்டின் கடைசிப் பத்துப் பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய லாரி ரசீதின் தேதியையும் இ-வே பில்லில் வாகன எண் ஏறிய நேரத்தையும் பார்த்தாலே போதும்.

தாமதமாக வரும் பில்களில் அதிகம் விடுபடுபவை லாரி வாடகை, கூலி வேலை, பழுதுபார்ப்பு ஆகியவை. மே மாதம் நடுப்பகுதி வரை பதிவான செலவு வவுச்சர்களைப் புரட்டி, பில் தேதியை விட்டுவிட்டு வேலை நடந்த தேதியைப் பார்க்க வேண்டும். மார்ச்சில் நடந்த வேலையெனில், பில் வராவிட்டாலும் ஒப்பந்த விலையை வைத்து நிலுவைச் செலவாக எழுத வேண்டும். ஆனால் இறுதி இருப்பில் உள்ள சரக்கைக் கொண்டுவந்த வாடகை அந்தச் சரக்கின் அடக்கத்தைச் சேர்ந்தது. அதைச் செலவில் மட்டும் எழுதி இருப்பின் மதிப்பில் கூட்டாமல் விட்டால் இலாபம் குறைந்துவிடும். நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு சறுக்கல், நிலுவையாக எழுதியதை மறந்து, மே மாதம் அசல் பில் வந்ததும் அதைப் புதுச் செலவாக மீண்டும் பதிவது. ஏப்ரல் 1 அன்றே நிலுவைப் பதிவுகளைத் திருப்பி எழுதிவிட்டால் இந்த இரட்டிப்பு நேராது. அதன்பின் அசல் பில்லை வழக்கம்போல் பதியலாம், மிஞ்சும் சிறு வித்தியாசம் மட்டும் புதிய ஆண்டில் விழும்.