நூலாய் ஒழுகும் சமையலறைக் குழாய்: ஏரேட்டரைக் கழற்றும்போது நடக்கும் தவறுகள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் கலந்துதான் வருகிறது. ஒரு நாள் காலை சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. குக்கர் பாத்திரத்தை நிரப்புவதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. மாடித் தொட்டி காலியாகிவிட்டது என்று முடிவுகட்டி, காவலாளியை மாடிக்கு அனுப்பினேன். தொட்டி நிறைந்திருக்கிறது என்று அவர் இறங்கிவந்து சொன்னார். முதல் தவறு என்னுடையது.

ஒரே ஒரு குழாயில் மட்டும் நீர் குறைந்தால் தொட்டியையோ மோட்டாரையோ சந்தேகிப்பதற்கு முன் அந்தக் குழாயின் முனையைப் பார்க்க வேண்டும். முனையில் திருகியிருக்கும் சிறிய வளையத்துக்குப் பெயர் ஏரேட்டர். உள்ளே சல்லடையும் ஒரு பிளாஸ்டிக் அடைப்பும் இருக்கும். நீரோடு காற்றைக் கலந்து, தெறிக்காமல் வெண்மையாக விழச் செய்வது இதன் வேலை. குழாய் வழியாக வரும் குப்பை எல்லாம் கடைசியாக வந்து நிற்கும் இடமும் இதுதான்.

கழற்றுவதற்கு முன் ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயின் கீழ் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் 55 விநாடி ஆனது. ஏரேட்டரைக் கழற்றிவிட்டு அதே பாட்டிலைப் பிடித்தபோது 7 விநாடியில் நிரம்பியது. இந்த இரண்டு எண்கள் போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். கழற்றிய பிறகும் நீர் நூலாகவே வந்தால் ஏரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. சிங்கின் அடியில் உள்ள ஆங்கிள் வால்வ் பாதி மூடியிருக்கலாம், இணைப்புக் குழாய் மடங்கியிருக்கலாம், அல்லது குழாயின் உள்ளே நீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் அடைத்திருக்கலாம். வெந்நீர்ப் பக்கம் மட்டும் குறைந்தால் கீசர் பக்கம் பார்க்க வேண்டும்.

கழற்றும் திசையில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். சிங்கின் முன் நின்று மேலிருந்து பார்த்தபடி, பாட்டில் மூடியைத் திறக்கும் பழக்கத்தில் இடப்புறம் திருப்புவார்கள். அது இறுகும். இறுகுகிறது என்று தெரியாமல் இன்னும் பலத்தைப் போடுவார்கள். குழாய் முனை என்பது கவிழ்த்து வைத்த பாட்டில், ஏரேட்டர் அதன் மூடி. குனிந்து கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசைதான் திறக்கும் திசை. மேலிருந்து பார்க்கிறவருக்கு அதுவே கடிகாரத் திசையாகத் தெரியும். குழம்பினால் ஒரு காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துத் திறந்து பாருங்கள், கைக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, வெறும் இடுக்கியைப் போட்டுக் கடிக்கவிடுவது. மேலே பூசிய குரோம் கீறிப்போகும், மெல்லிய வளையம் நசுங்கி நீள்வட்டமாகும், பிறகு அது கழலவும் கழலாது, திரும்பப் பொருந்தவும் பொருந்தாது. முதலில் ரப்பர் கையுறை அணிந்து, கருவி இல்லாமல் கையால் முயலுங்கள். வழுக்காமல் பிடிப்பதே பாதி வேலையை முடித்துவிடும். அசையவில்லை என்றால், வினிகர் ஊற்றிய சிறிய பிளாஸ்டிக் பையை முனையில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். மரையைப் பிடித்திருக்கும் உப்பு இளகும். அதன் பிறகும் அடம்பிடித்தால் துணியைச் சுற்றி இடுக்கியால் மெல்லத் திருப்பலாம். அப்போது மறு கையால் குழாயின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் ஏரேட்டருக்குப் பதில் கழுத்து திரும்பி, அடியில் கசிவு தொடங்கும். வளையமே வெளியில் தெரியாமல் முனைக்குள் புதைந்த வகையும் உண்டு. அதற்குக் குழாயோடு ஒரு பிளாஸ்டிக் சாவி தந்திருப்பார்கள், அது பெரும்பாலும் தொலைந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விளிம்பை உடைக்காமல், அளவு பார்த்து ஒரு சாவி வாங்குவது நல்லது.

சிங்கின் வடிகாலைத் துணியால் மூடாமல் கழற்றுவது சிறிய தவறு, ஆனால் அதற்கான அபராதம் பெரிது. கறுப்பு ரப்பர் வாஷர் வளையத்தோடு ஒட்டாமல் தனியே விழும், உருளும், போய்விடும்.

கழற்றியதும் எல்லாவற்றையும் அப்படியே கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றுவதுதான் வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சல்லடையை வெள்ளைத் தட்டில் தட்டிக் கொட்டி, என்ன விழுகிறது என்று பார்ப்பது. வெள்ளையாகவோ பழுப்பு வெள்ளையாகவோ ஓடுபோல் ஒட்டியிருந்தால் அது கால்சியம் கார்பனேட், அதாவது உப்பு நீர் காய்ந்து விட்டுச் சென்ற படிவு. அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். பழுப்புப் பொடியாகவோ மணலாகவோ உதிர்ந்தால் அது தொட்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்தது. அதை இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டாலும் மணல் மணலாகவே இருக்கும். அமிலம் கரைப்பது படிவை மட்டும்தான். மணலுக்கு மருந்து எதிர்ப்பக்க நீர்: சல்லடையைத் தலைகீழாகப் பிடித்து, குளியலறைக் குழாயின் வேகமான நீரில், நீர் வெளியேறும் பக்கத்திலிருந்து உள்ளே பாயும்படி காட்டினால் சிக்கிய துகள்கள் வந்த வழியே வெளியேறும்.

படிவுதான் என்று தெரிந்தால் வெள்ளை வினிகரோ, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலமோ போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். சல்லடையையும் பிளாஸ்டிக் அடைப்பையும் அதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நுரை நின்ற பிறகும் ஓடு மிச்சமிருந்தால் கரைசல் களைத்துவிட்டது என்று பொருள். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், பழையதிலேயே நேரத்தை நீட்டக் கூடாது. குரோம் பூசிய வெளி வளையத்தை அரை மணி நேரத்துக்குள் எடுத்துத் துடைத்துவிடுங்கள். விடிய விடிய அமிலத்தில் கிடந்தால் பளபளப்பு மங்கும். ரப்பர் வாஷருக்கு அமிலமே வேண்டாம். கொதிக்கும் நீரும் வேண்டாம், அந்த மெல்லிய பிளாஸ்டிக் சூட்டில் வளைந்துவிட்டால் மீண்டும் உட்காராது.

கழிப்பறைக் கழுவும் திரவத்தை ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் போய்விடும் என்று கீழ்வீட்டு மாமி யோசனை சொன்னார். போகும்தான், குரோமும் சேர்ந்து போகும். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பூச்சைத் தின்று அடியில் இருக்கும் பித்தளை வரை இறங்கும். போதாததற்குப் பக்கத்திலேயே பிளீச்சிங் திரவமும் இருந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சாப்பாட்டுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஊசியாலும் சேப்டி பின்னாலும் குத்துவது இன்னொரு பழக்கம். சல்லடையின் கண்ணி விரியும், அதன் பிறகு அந்த ஓட்டை வழியே நீர் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். பழைய பல்துலக்கியே போதும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அன்று ஓடாக ஒட்டியிருந்ததை ஊறவைத்துக் கழுவி மாட்டினேன், ஒரு லிட்டர் 13 விநாடியில் நிரம்பியது. கழற்றிய நிலையில் வந்த 7 விநாடி ஏன் திரும்பவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை, நீரைக் கட்டுப்படுத்துவதும் ஏரேட்டரின் வேலையே. இங்கே அவசரப்பட்டு உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுத் தட்டைப் பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் வணிக வளாகங்கள், ஓட்டல்கள், அடுக்ககங்கள் போன்ற இடங்களில் ஏரேட்டர் பொருத்தச் சொன்னது. அந்தச் சமயத்தில் மிகக் குறைந்த ஓட்டம் தரும் வகையைப் பல வீடுகளில் மாட்டினார்கள். உங்கள் குழாய் முதல் நாளிலிருந்தே மெல்லியதாக வருகிறது என்றால் அது அடைப்பல்ல, பொருத்தியது அப்படித்தான்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் 40 விநாடி. உப்பு இவ்வளவு வேகமாகப் படியாது. கழற்றித் தட்டில் கொட்டினேன். தேன் நிறத்தில், ரவையைவிடச் சற்றுச் சிறிய உருண்டைகள் நூற்றுக்கணக்கில் உருண்டன. நசுக்கினால் நழுவின, வினிகரில் துளியும் நுரைக்கவில்லை. எங்கள் பிளம்பர் ஓசூர்க்காரர், ஒன்றை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "சார், இது உங்கள் குழாயின் கோளாறு இல்லை. கீழே நீரை மென்மையாக்கும் இயந்திரம் இருக்கிறதே, அதற்குள் போடும் ரெசின். உள்ளே வடிகட்டி எங்கோ உடைந்திருக்கிறது" என்றார்.

மென்மையாக்கும் தொட்டிக்குள் இந்த ரெசின் மணிகள்தான் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் வெளியேறாமல் இருக்க நீர் போகும் வழியில் வடிகட்டி உண்டு. அது விரிசல் விட்டால் மணிகள் கட்டடம் முழுக்கப் பயணப்பட்டு ஒவ்வொரு வீட்டுச் சல்லடையிலும் குடியேறும். நான் வாரம் ஒரு முறை வினிகரில் ஊறவைத்துக்கொண்டிருந்தால் ஆறு மாதம்கூடத் தெரிந்திருக்காது. மணிகளை ஒரு சிறிய டப்பாவில் போட்டுச் சங்கச் செயலாளரிடம் காட்டினேன். வார்த்தையில் புகார் சொன்னபோது வராத பராமரிப்பு ஆள், டப்பாவைப் பார்த்த மறுநாள் வந்தார். வடிகட்டியை மாற்றினார்கள்.

திரும்ப மாட்டும்போது செய்யும் தவறுகள் இரண்டு. குழாயை ஏரேட்டர் இல்லாமல் சில விநாடி ஓடவிட்டுப் பைப்பில் மிச்சமிருப்பதை வெளியேற்றாமல் மாட்டுவது ஒன்று. நான் ஓடவிட்டபோது இன்னும் ஒரு சிட்டிகை மணி வந்தது. மற்றது, கசியும் என்ற பயத்தில் டெஃப்லான் டேப் சுற்றி ஸ்பேனரால் இறுக்குவது. நீரைத் தடுப்பது மரை அல்ல, வாஷர். பிளாஸ்டிக் அடைப்பு வளையத்துக்குள் இருக்க, அதன்மேல் வாஷர் தட்டையாக உட்கார்ந்தால் கையால் இறுக்குவதே போதும். விளிம்பில் சொட்டினால் வாஷர் மடங்கியிருக்கிறது அல்லது மரை கோணலாக ஏறியிருக்கிறது, கழற்றி மறுபடி போடுங்கள். வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். முழு ஏரேட்டரையே மாற்றுவதானால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மரை வெளிப்பக்கம் இருக்கும் வகை பெரும்பாலும் 24 மில்லிமீட்டர், உள்பக்கம் இருக்கும் வகை 22. பெயர் சொல்லி வாங்கி வந்தால் இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கும்.

வடிகட்டி மாற்றிய அன்று சாயங்காலம் துணி துவைக்கும் இயந்திரத்தின் நீர்க் குழாயையும் கழற்றிப் பார்த்தேன். அதன் நுழைவாயிலில் இருக்கும் சிறிய சல்லடையிலும் அதே தேன் நிற மணிகள், அரைக்கரண்டி இருக்கும்.