அலுவலகத்தில் நியூட்ரல் வயர் மட்டும் சூடேறினால்: கண்டறிதலும் திருத்தமும்

கிளிநொச்சியில் இரண்டு மாடி அலுவலகமொன்றின் விநியோகப் பலகையில், மூன்று பேஸ் வயர்களும் நன்றாக இருக்க, நியூட்ரல் வயரின் உறை மட்டும் பழுப்பேறி இளகியிருந்தது. அதைச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். திறந்த பலகையில் மின்சாரம் இருக்கும்போது செய்யும் வேலை என்பதால், தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.

படி 1: அளத்தல்

கணினிகளும் எல்ஈடி விளக்குகளும் முழுமையாக இயங்கும் முற்பகலில், நான்கு வயர்களையும் கிளாம்ப் மீற்றரால் தனித்தனியே அளக்க வேண்டும். ட்ரூ ஆர்எம்எஸ் வகை மீற்றரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினியின் மின்வழங்கி அலையின் உச்சியில் மட்டும் துடிப்பாக மின்னோட்டத்தை இழுப்பதால், சாதாரண மீற்றர் பேஸ் மின்னோட்டத்தைக் குறைத்துக் காட்டும். எங்களுக்குப் பேஸ்களில் 24, 22, 23 அம்பியரும் நியூட்ரலில் 33 அம்பியரும் கிடைத்தன.

படி 2: காரணத்தைப் பிரித்தறிதல்

நான் தடுமாறிய இடம் இதுதான். பேஸ்களில் சுமை சமமாக இல்லை என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை முழுவதும் இணைப்புகளை மாற்றிப் பார்த்தும் நியூட்ரல் மின்னோட்டம் குறையவில்லை. சமமின்மை மட்டுமே காரணமாயின் நியூட்ரலில் எவ்வளவு ஓடும் என்பதை முதலிலேயே கணக்கிட்டிருக்க வேண்டும்:

```
√(24² + 22² + 23² − 24×22 − 22×23 − 23×24) ≈ 1.7 A
```

மிகுதி முழுவதும், 50 ஹேர்ட்ஸின் மும்மடங்கான 150 ஹேர்ட்ஸில் ஓடும் மூன்றாம் ஹார்மோனிக்ஸைச் சேர்ந்தது. 50 ஹேர்ட்ஸ் அலைகள் பேஸுக்குப் பேஸ் 120 பாகை விலகியிருப்பதால் நியூட்ரலில் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. ஆனால் 150 ஹேர்ட்ஸ் அலைக்கு அந்த விலகல் மும்மடங்காகி 360 பாகையாகிறது. ஆகவே மூன்று பேஸ்களின் அலைகளும் ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றுகூடுகின்றன. பேஸுக்கு 11 அம்பியர், நியூட்ரலில் 33. மீற்றரில் `Hz` பொத்தான் இருந்தால் நியூட்ரலைக் கவ்வியபடி அழுத்திப் பாருங்கள். எங்களுக்கு 150 காட்டியது.

படி 3: திருத்தம்

பேஸ் வயர்கள் 10 சதுர மில்லிமீற்றராக இருக்க, நியூட்ரல் 4 ஆக மட்டுமே இருந்தது. பிரேக்கர் பேஸ்களை மட்டும் காவல் செய்ததால், 23 அம்பியரைக் கண்டு அது விழவே இல்லை. மூன்றாம் ஹார்மோனிக்ஸ் இவ்வளவு மிகும்போது கேபிளை நியூட்ரல் மின்னோட்டத்துக்கே தெரிவு செய்ய வேண்டும். வன்னியின் சித்திரை வெயிலுக்குக் கேபிளின் தாங்குதிறன் மேலும் குறையும் என்பதையும் கணக்கில் எடுத்து, நான்கு கம்பிகளும் 10 சதுர மில்லிமீற்றராக உள்ள கேபிளை இட்டு, நியூட்ரலையும் காக்கும் நான்கு முனைப் பிரேக்கரைப் பொருத்தினோம்.

பிரதான சுவிட்சை அணைக்காமல் நியூட்ரலைக் கழற்றவே கூடாது. அது துண்டிக்கப்பட்டால் 230 வோல்ட் கணினிகள் சிலவற்றுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய மின்னழுத்தம் சென்றுவிடும்.

வேலை முடிந்தபின் அளந்தபோதும் நியூட்ரலில் 33 அம்பியரே ஓடியது, வயர்தான் சூடேறவில்லை.

பின்சேர்க்கை: மின்தேக்கிகள் சேர்த்தால் இது குறையுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குறையாது. மின்தேக்கிகள் ஹார்மோனிக்ஸைத் தம்பக்கம் இழுத்துத் தாமே சூடேறும். ஒத்ததிர்வு நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்னோட்டத்தையே குறைக்க விரும்புவோர், சாதனங்களை மாற்றும் வேளையில் திறன்காரணித் திருத்தம் உள்ள மின்வழங்கிகளையும் எல்ஈடி டிரைவர்களையும் கேட்டு வாங்க வேண்டும்.