முன்பின் தெரியாதவருக்கு மெயில்: ஒரே கட்டியாக எழுதியதைப் பிரிப்பது எப்படி?

என் மச்சான் கரூரில் துணிப்பை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்னால் பன்னிரண்டு பதிப்பகங்களுக்கு மெயில் போட்டார். ஒரு பதிலும் வரவில்லை. "விலை அதிகமோ?" என்று கேட்டார். அவர் அனுப்பியதை என் போனில் திறந்து பார்த்தேன்.

> வணக்கம். நாங்கள் கரூரில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துணிப்பை உற்பத்தி செய்து வருகிறோம். எங்களிடம் காடா, கேன்வாஸ் ஆகிய துணிகளில் பல அளவுகளில் பைகள் உள்ளன, தங்கள் லோகோவை அச்சிட்டும் தருகிறோம். வரும் புத்தகக் காட்சியில் வாசகர்களுக்குக் கொடுக்க கேன்வாஸ் பைகள் பொருத்தமாக இருக்கும், ஐந்து புத்தகம் தாங்கும், 200 பைக்கு மேல் ஆர்டர் எடுக்கிறோம், அச்சோடு ஒரு பை 48 ரூபாய், டிசம்பர் 5க்குள் ஆர்டர் தந்தால் 25க்குள் சென்னையில் டெலிவரி கொடுத்துவிடுவோம், மாதிரி வேண்டுமென்றால் இலவசமாக அனுப்பி வைக்கிறோம், தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறோம். நன்றி.

சொன்ன விஷயத்தில் குறையே இல்லை. விலை, தேதி, மாதிரி எல்லாம் இருக்கின்றன. ஆனால் போனில் ஒரு வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்கள்தான் பிடிக்கும். நம் சொற்கள் நீளம். கம்ப்யூட்டரில் ஐந்தாறு வரியாகத் தெரிந்தது, போனில் இடைவெளியே இல்லாமல் பதினைந்து வரிக்கு மேல் நீண்டது. 48 ரூபாய் அதற்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது. அதே மெயிலைப் பிரித்து எழுதினோம்.

படி 1: படிப்பவரின் கேள்விப்படி வெட்டுங்கள்

"மூன்று வாக்கியத்துக்கு ஒரு பத்தி" என்று எண்ணி வெட்டினால் சரியாக வராது. மெயிலைத் திறக்கும் பதிப்பாளர் மனதில் என்ன கேள்விகள் வரும் என்று பாருங்கள். எதற்காக எழுதியிருக்கிறார்? என்ன விலை, எப்போது கிடைக்கும்? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? மச்சான் மெயிலில் இருந்தவை இந்த மூன்றுதான். அதனால் மூன்று துண்டு. எந்தக் கேள்விக்கும் பதிலாகாத வாக்கியம் இருந்தால் அது தானாகவே தனித்து நிற்கும், எடுத்துவிடலாம். காடாத் துணியும் "பல அளவுகளும்" அப்படித்தான் போயின.

படி 2: பத்தியின் முதல் சொல்லில் கனம் வையுங்கள்

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேகப் நீல்சன் 2006இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து ஒன்றைக் காட்டினார். இணையப் பக்கங்களைப் பார்ப்பவர்கள் மேல் வரிகளைக் குறுக்கே படிக்கிறார்கள். பிறகு இடது ஓரத்தை ஒட்டியே கண்ணைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். மெயிலையும் அவசரத்தில் நாம் அப்படித்தான் பார்க்கிறோம் என்பது என் அனுபவம்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. எனவே 'தருகிறோம்', 'கொடுத்துவிடுவோம்' எல்லாம் ஓரத்தில் இறங்கும் கண்ணில் படாது. நல்லவேளையாக மற்ற சொற்களை நம் வசதிக்கு இடம் மாற்றலாம். "நாங்கள் தங்களுக்கு விரைவாக, டிசம்பர் 25க்குள்..." என்று இழுக்காமல், "டிசம்பர் 25க்குள் சென்னையில் கிடைக்கும்" என்று தேதியிலேயே தொடங்குங்கள்.

முதல் பத்திக்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்பாக்ஸில் மெயிலைத் திறக்கும் முன்பே, தலைப்புக்குப் பக்கத்திலோ கீழேயோ அதன் தொடக்கச் சொற்கள் தெரியும். மச்சானுடையதில் அங்கே தெரிந்தது, "வணக்கம். நாங்கள் கரூரில் பன்னிரண்டு..."

படி 3: பட்டியல் எதற்கு, எதற்கு வேண்டாம்

விலை, குறைந்த அளவு, டெலிவரி: மூன்றும் தனித்தனித் தகவல்கள், ஒரே வகையானவை. வரிசையை மாற்றினாலும் பொருள் கெடாது. இவற்றுக்குப் பட்டியல் பொருந்தும். இரண்டு வரிகளை இணைக்க 'ஆனால்', 'அதனால்' தேவைப்பட்டால் அதைப் பத்தியாகவே விடுங்கள். பட்டியலாக்கினால் காரணம் அறுந்துபோகும்.

பட்டியலில் நான்கு வரியைத் தாண்டாதீர்கள். உங்கள் வேண்டுகோளைப் பட்டியலுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதுவும் ஒரு தகவல் போலத் தெரிந்து, பதில் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

இப்படி வந்தது:

> வணக்கம்,
>
> புத்தகக் காட்சியில் உங்கள் அரங்குக்கு வருபவர்கள் புத்தகங்களை எடுத்துப்போக, உங்கள் லோகோ அச்சிட்ட துணிப்பை தைத்துத் தருகிறோம். கரூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக இதுதான் எங்கள் தொழில்.
>
> கேன்வாஸ் பை, ஐந்து புத்தகம் தாங்கும்:
>
> - விலை: 48 ரூபாய், அச்சோடு சேர்த்து
> - குறைந்தது: 200 பை
> - டெலிவரி: டிசம்பர் 5க்குள் சொன்னால் 25க்குள் சென்னையில்
>
> மாதிரிப் பை ஒன்று இலவசமாக அனுப்பட்டுமா? முகவரி மட்டும் தந்தால் போதும்.

படி 4: வெற்றிடத்தைக் கையால் போடுங்கள்

ஜிமெயிலில் ஒருமுறை Enter தட்டினால் அடுத்த வரிக்குத்தான் போகும். பத்திகளுக்கு நடுவே காலி வரி வேண்டுமென்றால் இருமுறை தட்ட வேண்டும். வேர்டில் அப்படியில்லை, அங்கே ஒரு Enter-க்கே இடைவெளி தெரியும். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டினால் எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாம் கூடவே தொற்றிக்கொண்டு வரும். அதனால் `Ctrl+Shift+V` கொடுத்து வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். காலி வரிகளை நீங்களே போடுங்கள். (டிடிபி கடையில் அடித்து வாங்கியதை ஒட்டுபவர்கள் அது யூனிகோடா என்று முதலில் பார்க்கவும். பாமினி எழுத்துருவில் இருந்தால் எதிராளிக்குப் போய்ச் சேருவது தமிழாக இருக்காது.)

பட்டியலுக்கு எடிட்டரின் புள்ளிப் பொத்தானை நான் தொடுவதில்லை. அது வரியை உள்ளே தள்ளும். போனில் ஏற்கெனவே குறுகலான இடம் இன்னும் குறுகும். சாதாரணச் சிறுகோடே போதும்.

படி 5: உங்களுக்கே அனுப்பி, போனில் பாருங்கள்

கையை நீட்டிப் போனைத் தள்ளிப் பிடியுங்கள். எழுத்தைப் படிக்காதீர்கள், வடிவத்தை மட்டும் பாருங்கள். ஏழெட்டு வரிக்கு ஒரு காலி வரிகூட இல்லையென்றால் அந்தப் பத்தியை வெட்டுங்கள். கடைசிக் கேள்வி தனியாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிரிப்பதில் ருசி கண்ட மச்சான், அடுத்த மெயிலில் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக்கினார். கூடவே "எங்கள் சிறப்புகள்" என்று ஏழு வரிப் பட்டியல், தடித்த எழுத்தில். பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஒற்றை வாக்கியப் பத்திகள் மூன்று அடுத்தடுத்து வந்தால் இரண்டையாவது சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் சுற்றி வெற்றிடம் இருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது.

அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது இந்த முறையை எடுக்காதீர்கள். அங்கே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று அவர்கள் தேடிப் பழகிய வடிவம் ஏற்கெனவே இருக்கிறது.

புதிய மெயில் ஒன்பது பதிப்பகங்களுக்குப் போனது. இரண்டு பேர் மாதிரி கேட்டார்கள். தேதி நெருங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொருவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "கைப்பிடி தோளில் மாட்டுற நீளம் இருக்குமா?" மச்சான் அதற்கும் மூன்று பத்தி எழுதத் தொடங்கினார். நான் தடுத்தேன். "இருக்கும் சார், மாதிரி நாளைக்கு அனுப்புகிறேன்" என்று மட்டும் போட்டு அனுப்பினார்.