வெள்ளத்தில் நின்ற காருக்கு கிளைம் கடிதம்: அனுப்பும் முன் சரிபார்ப்பது எப்படி?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கிளைம் கடிதத்தை அவசரமாக எழுதி அனுப்பினேன். அதில் இரண்டு வரி சரியில்லாததால் இன்சூரன்ஸ் சர்வேயர் விளக்கம் கேட்டார், ஃபைல் மூன்று வாரம் அப்படியே நின்றது. அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பதிவு.

1. பாலிசி விவரம்

கடிதத்தை பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் பார்த்தால் எண்கள் எல்லாம் சரியாகவே தெரியும், ஸ்பெல் செக்கும் இதற்கு உதவாது. வீட்டில் ஒருவர் பாலிசியைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நீங்கள் கடிதத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள்.

கையில் இருப்பது இந்த வருடப் பாலிசிதானா என்று முதலில் பாருங்கள். புதுப்பிக்கும்போது பாலிசி எண் மாறியிருக்கலாம். பழைய மெயிலில் இருந்து எடுத்து ஒட்டினால் போன வருட எண் வந்து உட்கார்ந்துவிடும். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடும் ஒப்பிடுங்கள். அதில் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். I, O, Q மூன்றும் அதில் வராது. அதனால் O என்று அடித்திருந்தால் அது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

2. தேதி

என் முதல் தவறு இங்கேதான். “3ஆம் தேதி இரவு தண்ணீர் புகுந்தது” என்று எழுதியிருந்தேன். வாட்ச்மேன் அண்ணன் கதவைத் தட்டியது இரவு ஒன்றரை மணிக்கு. பேச்சில் அது 3ஆம் தேதி ராத்திரிதான், காகிதத்தில் 4ஆம் தேதி. கிளைம் படிவத்தில் 4 என்று சரியாகப் போட்டிருந்தேன். ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதி ஆகிவிட்டது.

நள்ளிரவை ஒட்டி நடந்த எதையும் “இரவு” என்று மட்டும் எழுதாதீர்கள். “4 டிசம்பர் 2023, அதிகாலை சுமார் 1.30 மணி” என்று எழுதுங்கள். 04/12 என்பதைவிட மாதத்தின் பெயரை எழுதுவதே எனக்குப் பிடிக்கும், ஏப்ரல் 12 என்று யாரும் படிக்க முடியாது. அப்புறம் கடித ஃபைலில் Ctrl+F அழுத்தி 2023 என்று தேடி, ஒவ்வொரு தேதிக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்: போனில் எடுத்த படத்தின் நேரம், கஸ்டமர் கேருக்குப் பேசிய கால் பதிவு, டோ வண்டி பில். தண்ணீர் புகுந்தது 4, சிக்னல் வந்து தகவல் சொன்னது 6, டோ செய்தது 7 என்று எனக்கு மூன்று தேதிகள். மூன்றையும் தனித்தனியாக எழுதிய பிறகுதான் “ஏன் தாமதம்” என்ற கேள்வி நின்றது.

3. நடந்ததை ஒரே மாதிரி சொல்வது

இதில் நிதானம் வேண்டும். “தண்ணீர் வடிந்ததும் பார்த்தேன், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை” என்று எழுதியிருந்தேன். நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைதான். ஆனால் சர்வேயர் அதைப் படித்ததும், “அப்போ ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்தச் சேதம் வெள்ளத்தால் நேரடியாக வந்ததல்ல, பிறகு செய்த செயலால் வந்தது என்று சாதாரண பாலிசியில் மறுக்கலாம். இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவரைச் சேர்த்திருந்தாலும் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நான் உண்மையில் சாவியே போடவில்லை. மெக்கானிக் போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் வரியை இப்படி மாற்றினேன்: “தண்ணீர் வடிந்த பின் வண்டியை ஸ்டார்ட் செய்ய முயலவில்லை. அப்படியே டோ செய்து ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தோம்.”

நீங்கள் ஸ்டார்ட் செய்திருந்தால் அதையே எழுதுங்கள். இன்ஜினைப் பிரித்தால் ராட் வளைந்திருப்பது தெரிந்துவிடும். சரிபார்ப்பது என்றால் நடந்ததை மாற்றுவது அல்ல. போனில் சொன்னது, படிவம், கடிதம் மூன்றையும் பக்கத்தில் வைத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: நிறுத்தினேன், பார்த்தேன், தள்ளினோம், டோ செய்தோம். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாத வினை எதுவோ, கேள்வி அங்கேதான் வரும். படிவம் ஏற்கெனவே போய்விட்டதா? அதில் எந்த வரி தவறு, சரியானது எது என்று கிளைம் எண்ணோடு தனிக் கடிதம் கொடுங்கள்.

பின்சேர்க்கை: முடிச்சூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பாலிசி அப்பா பெயரில், கடிதம் எழுதியது அவர். “நான் இரவு 10 மணிக்கு நிறுத்தினேன்” என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். படிவத்திலோ கடைசியாக ஓட்டியவர் மகன் என்று இருக்கிறது. கையெழுத்து யாருடையதோ அவர்தான் “நான்”. “என் மகன் நிறுத்தினார்” என்று மாற்றி, மற்ற “நான்”களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள், தம்பி.