தோளில் கை போடும் முன்: நிச்சயதார்த்தப் படத்தில் உயரமும் கையும் நிறமும்

மாப்பிள்ளை 182 செ.மீ., பெண் 154. இடம் சிங்கப்பூர்ப் பூமலைப் பூங்காவில் 1930ல் கட்டிய எண்கோண வெள்ளை மண்டபம். மாலை 6 மணி. இருவரும் ஓரடி இடைவெளி விட்டு நின்றார்கள். பெண்ணின் அம்மா பொறுக்க மாட்டாமல், "தோள்ல கை போடுங்க மாப்பிள்ளை, இனிமே என்ன கூச்சம்" என்றார். அவரும் போட்டார். நானும் எடுத்தேன்.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். மாப்பிள்ளையின் கை பெண்ணின் தோளிலிருந்து ஐந்து விரலும் கீழே தொங்க விழுந்து கிடந்தது. கையின் எடையில் முந்தானை மடிப்பு நசுங்கி, தோளில் குத்திய ஊக்கு துணியை இழுத்துக்கொண்டிருந்தது. அவருடைய உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் நெஞ்சில் பெண் வைத்த கை இருக்கும் இடமே தெரியவில்லை. அரக்குப் புடவைக்குப் பொருத்தமாக அதே அரக்கில் குர்தா தைத்திருந்தார்கள். மருதாணி போட்ட மாநிறக் கை அதில் கரைந்துபோயிருந்தது.

பார்க்க மூன்று தவறுகள் போல இருக்கும். உண்மையில் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. உயர வித்தியாசம்தான் கை எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்கிறது. கை விழும் இடத்துத் துணியின் நிறம்தான் அந்தக் கை தெரியுமா மறையுமா என்பதை முடிவு செய்கிறது. அதனால் நான் எப்போதும் உயரத்தில்தான் தொடங்குவேன்.

இருவரையும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரெதிரே ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். பெண்ணின் உச்சந்தலை மாப்பிள்ளையின் முகத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். கண்ணுக்கு வந்தால் வித்தியாசம் ஏறக்குறைய 12 செ.மீ. நெற்றியும் கன்னமும் தானாகச் சேரும், எந்த நிலையும் சரியாக வரும். தாடைக்கு வந்தால் ஏறக்குறைய 23. கன்னத்தோடு கன்னம் வைக்க முடியாது. ஆனால் அவள் தலைமேல் அவர் தாடை லேசாகப் படுவது போன்ற படம் அழகாக வரும். கழுத்துக்குக் கீழே போனால், நிற்கும் தளத்தையே மாற்ற வேண்டும். எங்கள் ஜோடி இந்த மூன்றாம் வகை.

இங்கேதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. மாப்பிள்ளை என்னிடம், "அக்கா, நான் கொஞ்சம் குனியட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் தம்பி என்றேன். கழுத்தை மட்டும் குனிந்தால் ஒல்லியானவருக்குக்கூட தாடைக்குக் கீழே இரண்டு மடிப்பு விழும், தோள் கூன் போடும், குர்தாவின் காலர் பிடரியில் எழும்பி நிற்கும். பெண்ணை நுனிக்காலில் நிற்கச் சொல்வதும் அப்படித்தான். நான்கு நொடியில் கால் நடுங்க ஆரம்பிக்கும், அந்த நடுக்கம் முகத்தில் தெரிந்துவிடும். குதிகால் செருப்பு உதவும்தான். ஆனால் மழை பெய்து ஊறிய நம் ஊர்ப் புல்லில் மெல்லிய குதி அப்படியே புதைந்துவிடும், அகலக் குதி வேண்டும். புடவையையும் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்ட வேண்டும். வெறுங்காலோடு கொசுவம் வைத்துக் கட்டிவிட்டுப் பிறகு செருப்பு மாட்டினால் கரை கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும், புடவை சின்னதாகிவிட்டது போல இருக்கும்.

குனியாமல் உயரத்தைக் குறைக்க மூன்று வழி வைத்திருக்கிறேன். முதலாவது, இடுப்புக்கு மேலே மட்டும் எடுக்கும் படங்களுக்கு. மாப்பிள்ளை கால்களை நன்றாக அகட்டி நின்றால் சில செ.மீ. இறங்குவார். முதுகும் கழுத்தும் நிமிர்ந்தே இருக்கும், கால் படத்தில் வராது. இரண்டாவது, படிக்கட்டு. ஒரு படி ஏறக்குறைய 15 செ.மீ. மூன்றாவது, இருவரையும் உட்கார வைப்பது. உயர வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி காலில்தான் இருக்கிறது. அதனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் 28 என்பது ஏறக்குறைய 14 ஆகிவிடும். பலரும் இதை நினைப்பதே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

அன்று பெண்ணை ஒரு படி மேலே ஏற்றினேன். செருப்பு 5 செ.மீ. மிச்சம் 8. அதற்கு மேல் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. இரண்டு படி ஏற்றி இருவரையும் சம உயரமாக்கிவிட்டால், வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் புரட்டும் பாட்டிக்குக்கூட அது வேறு யாரோ போலத் தோன்றும். முழு உருவப் படத்தில் படியை மறைக்கவும் முடியாது. அதற்கு வித்தியாசத்தை அப்படியே விட்டு, கைகோத்து நடக்கவிட்டு எடுப்பதுதான் நேர்மையானது.

வித்தியாசத்தைக் கேமராவும் கூட்டிவிடும். பெண்ணின் தம்பி பக்கத்தில் நின்று, கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிக் கீழ்நோக்கி எடுத்துக்கொண்டிருந்தான். அந்த அகன்ற லென்ஸ் கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கும். உயரமானவரின் தலைதான் அதற்கு மிகக் கிட்டத்தில் இருந்தது. தலை பெருத்து, கால்கள் குறுகி, பெண் இன்னும் குட்டையாகத் தெரிந்தாள். நான்கு மீட்டர் பின்னால் போய், 2x அல்லது 3x ஜூம் வைத்து, கைப்பேசியைப் பெண்ணின் கழுத்து உயரத்தில் நேராகப் பிடிக்கச் சொன்னேன். அதே இடம், அதே ஜோடி, படம் சீராகிவிட்டது.

இனி கை. தோளில் கை போடுவது உயரம் நெருங்கிய ஜோடிக்குச் சரி. இவ்வளவு வித்தியாசத்தில் அது அணைப்பாகத் தெரியாது, அவள்மேல் சாய்ந்து ஓய்வெடுப்பது போலத்தான் தெரியும். இடுப்பில் வைக்கச் சொன்னால், தரையில் நிற்கும்போது கை எட்டுவதற்காக அவர் தோள் ஒரு பக்கம் இறங்கும். படி ஏறியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கையைப் பெண்ணின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய், இடுப்பின் அந்தப் பக்கத்தில் விரல் நுனி மட்டும் தெரிய, அழுத்தாமல் வைக்கச் சொன்னேன். அழுத்தினால் ரவிக்கைக்குக் கீழே சதை பிதுங்கும். எந்தப் பெண்ணும் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டாள்.

பெண்ணின் கை நெஞ்சில் இருப்பது எல்லோரும் கேட்கும் நிலை. தரையில் நிற்கும்போது அவருடைய நெஞ்சு அவளுடைய தோளைவிட உயரத்தில் இருந்தது. கையை அங்கே வைக்க முழங்கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் அக்குள் தெரியும். இந்தப் புழுக்கத்தில் பட்டு ரவிக்கையின் அக்குளில் வியர்வை வட்டம் இல்லாமல் இருக்குமா? உயர வித்தியாசம் அதிகமுள்ள ஜோடிகளுக்கு நான் சொல்லும் இடம் முழங்கை மடிப்பு. அவர் கையை மடித்தால் அந்த மடிப்பு அவளுடைய தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே வரும், அவள் கை சிரமமில்லாமல் அங்கே போய் உட்காரும்.

மோதிரம் தெரிய வேண்டுமென்று புறங்கையை அப்படியே கேமராவுக்குக் காட்டுவதும் வழக்கம். அப்போது கை படத்தில் பெரிதாகத் தெரியும். சுண்டுவிரல் பக்கத்தை லேசாகக் கேமரா பக்கம் திருப்பி, விரல்களுக்கிடையே சின்ன இடைவெளி விடச் சொல்லுங்கள். கை மெலியும், மோதிரக் கல்லும் தெரியும். கை எதையும் பிடிக்க வேண்டாம், தொட்டால் போதும். மொத்தம் நான்கு கைகள். எடுக்கும் முன் நான்கையும் எண்ணிப் பார்ப்பேன். முதுகுக்குப் பின்னால் போன கை விரல் நுனியாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் துண்டானது போல இருக்கும்.

கை சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அரக்குக் குர்தாவின்மேல் இன்னும் தெரியவில்லை. பொருத்தமாக உடுத்துவது என்றால் ஒரே நிறத்தில் உடுத்துவது என்று நாம் பழகிவிட்டோம். சிராங்கூன் சாலைக் கடைகளிலும் புடவையை விரித்து, அதே நிறத்தில் குர்தாத் துணி இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். நேரில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். படத்தில் அணைத்து நிற்கும்போது இரண்டு உடம்பும் ஒரே துணிக்குவியலாகிவிடும், எங்கே அவள் முடிகிறாள், எங்கே அவர் தொடங்குகிறார் என்று தெரியாது.

மாப்பிள்ளையின் அக்கா, "அப்போ புடவைக் கரையில இருக்கிற மயில் பச்சைய எடுத்திருக்கணுமோ?" என்று கேட்டார். நல்ல யோசனை போலத்தான் இருக்கும். ஆனால் நிறம் வேறானால் மட்டும் போதாது, அடர்த்தியும் வேறாக வேண்டும். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்து, நடுவில் உங்கள் கையை வைத்துக் கைப்பேசியில் படமெடுங்கள். அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அரக்கும் அடர்ந்த மயில் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். அந்த இரண்டில் ஒன்றின் மேலாவது கை தனியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஜோடித் துணி அணைக்கும் படத்துக்கு ஆகாது. அரக்குப் புடவைக்கு நான் எடுக்கச் சொல்வது ஜரிகையின் நிறம்: சந்தனம், வெளிர் தங்கம். புடவையிலிருந்து வந்த நிறம்தான், ஆனால் அடர்த்தி நேர் எதிர். தூய வெள்ளையும் வேண்டாம். பக்கத்தில் அடர்ந்த பட்டு இருக்கும்போது வெள்ளை வெளுத்துப்போய்த் துணியின் நெசவே தெரியாமல் போகும், கண்ணும் முகத்தை விட்டுச் சட்டைக்குப் போகும்.

பின்னணியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பூமலையில் ராமர் பச்சைப் புடவை மரத்தோடு கலந்துவிடும். லிட்டில் இந்தியாவில் 1900ல் கட்டிய டான் டெங் நியா வீட்டுச் சுவரில் எல்லா நிறமும் இருக்கிறது. அதன் முன்னால் பூப்போட்ட குர்தா அணிந்தால் முகம் தோற்றுப்போகும், ஒற்றை நிறம்தான் நிற்கும்.

நல்ல வேளையாக, வேட்டியோடு போட ஒரு சந்தன நிறக் குர்தா காரில் இருந்தது. மாற்றிக்கொண்டு வரும்போது 6.35. பெண் ஒரு படி மேலே, மாப்பிள்ளை அவளுக்கு அரை அடி பின்னால், முழங்கை மடிப்பில் அவள் கை. 85 எம்எம் லென்ஸில் நான்கு மீட்டர் தள்ளி நின்று லென்ஸ் திறப்பை எஃப் 4ல் வைத்தேன். 1.8 வைத்தால் பின்னணி இன்னும் மங்கும்தான்; ஆனால் முன்னால் நிற்கும் அவள் கண்ணில் குவித்தால் பின்னால் நிற்கும் அவர் கண் லேசாக மங்கிவிடும். நம் ஊரில் சூரியன் மறைய 7 மணி ஆகும் என்பதால் வெளிச்சம் போதுமான அளவு இருந்தது.

திரையில் முதலில் தெரிந்தது அவள் கைதான். சந்தன நிறத் துணியின்மேல் மருதாணிக் கோலம் ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது. இரண்டு நாள் முன்னாலேயே போட்டிருந்தாள், அதனால் நன்றாகச் சிவந்திருந்தது. அம்மா கேமராவை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதையே பத்திரிகையில போட்டுரலாம்" என்றார்.