விமான டிக்கெட் பில்லில் எது வரி, எது வரி இல்லை: வரி வரியாகப் படிப்பது எப்படி?

சென்னையிலிருந்து டெல்லிக்கு அப்பாவுக்கு ஒரு டிக்கெட் போட்டிருந்தேன். கிளம்பும் நாளன்று அவருக்குக் காய்ச்சல். ரத்து செய்யக்கூட நேரமில்லை, விமானம் போய்விட்டது. முன்பதிவுத் தளத்தில் பார்த்தால் 'திரும்பக் கிடைக்கும் தொகை: 0' என்று இருந்தது. 'வரிகள்' என்று மட்டும் 1,537 ரூபாய் கட்டியிருந்தேன். பயணமே நடக்காதபோது அது யாருக்குப் போனது என்று தேடியதில்தான் இந்த பில்லைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இங்கே சொல்வது இந்திய விமான நிறுவனங்களின் உள்நாட்டு டிக்கெட்டுக்கு. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் பணம் திரும்பும் விதிகள் அவர்கள் நாட்டுப்படி மாறும்.

முதலில் சரியான பில்லை எடுங்கள்

முன்பதிவுத் தளம் வழியாக டிக்கெட் போட்டால் உங்களுக்கு இரண்டு பில் உண்டு. ஒன்று தளத்தினுடையது, இன்னொன்று விமான நிறுவனத்தினுடையது. செயலியில் தெரியும் சுருக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பயனில்லை. விமான நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து, டிக்கெட்டையும் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸையும் பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். நான் இதைக் கணினியில்தான் செய்வேன். கைபேசியில் பில்லின் சில வரிசைகள் மடிந்து மறைந்துவிடுகின்றன.

தளத்தின் பில் எனக்கு இப்படித்தான் காட்டியது:

```
Base Fare              4,300
Taxes & Surcharges     1,537
Convenience Fee          413
Total                  6,250
```

விமான நிறுவனத்தின் டிக்கெட்டில் அந்த 1,537 இப்படிப் பிரிந்திருந்தது:

```
YQ   700
K3   250
P2   236
IN   351
```

ஒவ்வொரு குறியீடும் என்ன?

P2 என்பது விமானப் பாதுகாப்புக் கட்டணம். உள்நாட்டுப் பயணத்துக்கு 200 ரூபாய் என்று 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்தது. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாய் சேர்ந்து 236 ஆகிறது. IN என்பது விமான நிலையத்துக்குப் போகும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம். இது நிலையத்துக்கு நிலையம் மாறும், அதனால் உங்கள் பில்லில் வேறு தொகை இருந்தால் பயப்பட வேண்டாம். இந்த இரண்டையும் விமான நிறுவனம் வசூலித்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

K3 என்பது ஜி.எஸ்.டி. எகானமி வகுப்புக்கு 5 சதவீதம். பிசினஸ், பிரீமியம் எகானமி போன்ற மற்ற வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்.

நான் தடுக்கி விழுந்த இடம்: YQ

'வரிகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் YQ-வும் உட்கார்ந்திருந்ததால் அதையும் அரசாங்க வரி என்றே நினைத்திருந்தேன். அது வரியே இல்லை. எரிபொருள் கூடுதல் கட்டணம். விமான நிறுவனம் தானே வைத்துக்கொள்வது. சில நிறுவனங்கள் இதையோ இதைப் போன்ற வேறொரு கட்டணத்தையோ YR என்ற குறியீட்டில் போடுவார்கள். 2023 அக்டோபரில் இண்டிகோ தூரத்தைப் பொறுத்து 300 முதல் 1,000 ரூபாய் வரை எரிபொருள் கட்டணம் போட்டு, 2024 ஜனவரியில் எடுத்துவிட்டது. வரியை அப்படி ஒரு நிறுவனம் போடவோ எடுக்கவோ முடியாது. அதனால் டிக்கெட் விலையை ஒப்பிடும்போது அடிப்படைக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். என் டிக்கெட்டின் உண்மையான கட்டணம் 4,300 இல்லை, 5,000.

உங்கள் பில்லில் YQ தனியாகக் காட்டப்படவில்லையா? அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. போடுவது அடிப்படைக் கட்டணமும் YQ-வும் சேர்ந்த தொகைக்குத்தான். P2, IN இரண்டும் அந்தக் கணக்கில் வராது, அவற்றுக்கான வரி அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே எகானமி டிக்கெட்டில் K3 தொகையை 20-ஆல் பெருக்குங்கள். 250 × 20 = 5,000. அதில் அடிப்படைக் கட்டணம் 4,300-ஐக் கழித்தால் 700. YQ வந்துவிட்டது. வரியை முழு ரூபாயாக்கிப் போட்டிருந்தால் பத்து, இருபது ரூபாய் முன்பின் வரலாம். இதற்கு எக்செல் எல்லாம் வேண்டாம், பில்லை அச்செடுத்து ஓரத்திலேயே பேனாவால் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

கன்வீனியன்ஸ் ஃபீ

இது முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம். என் பில்லில் 350 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 63 ரூபாயும் சேர்ந்து 413. இது விமான நிறுவனத்தின் இன்வாய்ஸில் இருக்காது, அதனால் அங்கே மொத்தம் 5,837 என்றுதான் வரும். இரண்டு பில்லின் மொத்தமும் ஒத்துப்போகவில்லை என்று குழம்ப வேண்டாம். தளம் சேவையைச் செய்து முடித்துவிட்டதாகக் கணக்கு, பெரும்பாலும் இது திரும்பாது.

இப்போது ரத்துக் கணக்கு

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. அப்புறம், பயணம் செய்யாமல் விட்டாலும், சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும்.

என் டிக்கெட்டுக்கு அதிகபட்சம் 5,000 பிடிக்கலாம். மிச்சம் 837. அதில் K3-யின் 250 எனக்கு வரவில்லை. ரத்துக் கட்டணத்துக்கும் பயணத்துக்கு உள்ள அதே விகிதத்தில் ஜி.எஸ்.டி. உண்டு, 5,000-க்கு 5 சதவீதம் அதே 250. குறைவாகப் பிடித்திருந்தால் அந்த அளவுக்கு வரியும் குறைந்திருக்கும். மீதி P2-வும் IN-உம்: 236 + 351 = 587 ரூபாய்.

தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது 'வரியைத் திருப்பித் தாருங்கள்' என்று மொட்டையாக எழுதவில்லை. 'பயணி ஏறவில்லை, P2 236, IN 351, மொத்தம் 587' என்று குறியீடும் தொகையுமாக எழுதி, விமான நிறுவனத்தின் டிக்கெட்டையும் இணைத்தேன். முதல் பதிலில் 'திரும்பப் பெற இயலாத டிக்கெட்' என்றார்கள். விதியைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதியதும் 587 ரூபாய் கார்டுக்கே வந்தது.

பிற்சேர்க்கை: K3-ஐ 20-ஆல் பெருக்கினால் கணக்கு 400 ரூபாய் அதிகம் வருகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பில்லை வாங்கிப் பார்த்தேன். ஜன்னலோர இருக்கைக்கு 400 கொடுத்திருக்கிறார், அதற்கும் அதே 5 சதவீதம் போட்டு K3-யிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இருக்கை, சாப்பாடு, கூடுதல் பெட்டி என்று ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் கழித்துவிட்டு YQ-வைக் கண்டுபிடியுங்கள். இன்னொருவருக்கு P2 472 என்று வந்திருந்தது. அது இரண்டு பேருக்கான டிக்கெட். தளம் எல்லாருடைய தொகையையும் கூட்டித்தான் காட்டும், ஒருவருக்கு எவ்வளவு என்று பார்க்க முதலில் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.